செக்-இன் ஆன பிறகு கண்ணில் பட்ட பெயர்ப் பிழை

வெப் செக்-இன் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தால் டிக்கெட்டில் இருக்கும் பெயர் சரி என்றுதான் அர்த்தம் என நினைத்திருந்தேன். அம்மாவுடன் போன வெளிநாட்டுப் பயணத்தில் அது அப்படியில்லை என்று தெரிந்தது. இதே நிலையில் யாராவது இருந்தால் உதவட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும்தான் இருந்தது, குடும்பப் பெயர் இடம் காலி. டிக்கெட் போடும் தளங்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. அதனால் அப்போது பறந்த விமான நிறுவனம் சொன்னபடி ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டோம்: MEENA MEENA. பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது குடும்பப் பெயராக SELVAM சேர்ந்தது. இந்த முறை டிக்கெட் போடும்போது, போனில் சேமித்து வைத்திருந்த பழைய பயணி விவரம் தானாக நிரம்பியதை நான் கவனிக்கவில்லை.

விமானம் கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போது செக்-இன் திறந்தது. பாஸ்போர்ட் எண், காலாவதி தேதி, பிறந்த தேதி, குடியுரிமை கேட்டார்கள். புதிய பாஸ்போர்ட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் நிரப்பினேன். பெயர் கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில், மாற்ற முடியாதபடி இருந்தது. அது டிக்கெட்டிலிருந்து வருவது, அந்த இடத்தில் பாஸ்போர்ட்டோடு யாரும் அதை ஒப்பிடவில்லை. இருக்கை தேர்ந்தெடுத்தேன், போர்டிங் பாஸ் வந்துவிட்டது.

அதை அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, என் போனில் சேமிக்கும்போதுதான் MEENA/MEENAMRS என்ற வரியைப் பார்த்தேன். உடனே பாஸ்போர்ட்டை எடுத்தேன். புகைப்படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுத்துகள் இருக்கும் அல்லவா, ஒவ்வொன்றும் 44 எழுத்து? கவுன்டரில் இயந்திரம் படிப்பது அதைத்தான். முதல் வரியில் நாட்டின் குறியீட்டுக்கு அடுத்து இப்படி இருந்தது:

```
SELVAM<<MEENA<<<<<<<<
```

இரட்டைக் கோணக் குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது சொந்தப் பெயர். டிக்கெட் பெயரை ஒப்பிட இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேவையில்லாமல் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயரோடு MR, MRS ஒட்டிக்கொண்டு வருவதும், இரண்டு சொற்கள் இடைவெளி இல்லாமல் சேர்ந்து வருவதும் பிழை அல்ல. போர்டிங் பாஸின் பார்கோடில் பெயருக்கு 20 எழுத்துதான் இடம், நடுவில் வரும் சாய்கோடும் அதில் அடக்கம். அதனால் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியலாம். பயணச்சீட்டு மின்னஞ்சலில் முழுப்பெயர் சரியாக இருந்தால் போதும். அம்மாவுக்கு நடந்தது வேறு: குடும்பப் பெயரே மாறியிருந்தது.

விமான நிறுவனத்தை அழைத்தேன். நேரடியாக அவர்கள் தளத்திலேயே வாங்கியிருந்ததால் அவர்களே திருத்த முடிந்தது. ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் பெரும்பாலும் ஏஜென்டிடமே போகச் சொல்வார்கள்.

“மேடம், செக்-இன் ஆகிவிட்டது. இப்போது பெயரைத் தொட முடியாது. முதலில் ஆஃப்லோட் செய்கிறேன், இருக்கை போய்விடும், பரவாயில்லையா?” என்று கேட்டார் அந்தப் பெண். ஆஃப்லோட் என்றால் செக்-இன்னை ரத்து செய்வது. சரி என்றேன். இரண்டு பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கங்களையும் மின்னஞ்சலில் கேட்டார். பிறந்த தேதி ஒன்றே, படங்களில் இருப்பவரும் ஒருவரே என்பதால் ஆள் மாறவில்லை, பெயர்தான் திருந்துகிறது என்று அவர்கள் முடிவு செய்ய அது தேவை. டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்றித் தர மாட்டார்கள்.

இரண்டு மணி நேரத்தில் “திருத்தப்பட்டது” என்று செய்தி வந்தது. பி.என்.ஆர். எண்ணோடு SELVAM என்று போட்டுப் பார்த்தேன், பயணம் திறந்தது. ஆனால் செக்-இன் அழுத்தியதும் நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளச் சொல்லி நின்றுவிட்டது. மறுபடி அழைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. பி.என்.ஆர். என்பது முன்பதிவுப் பதிவு. 13 இலக்க எண் கொண்ட இ-டிக்கெட் தனி. முதல் ஆள் பதிவில் பெயரை மாற்றிவிட்டு டிக்கெட்டைப் புதிய பெயரில் மறுபடி வழங்காமல் விட்டிருக்கிறார். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருந்தால்தான் செக்-இன் நடக்கும். புதிய டிக்கெட் எண்ணோடு, SELVAM என்ற பெயரோடு மின்னஞ்சல் வரும்வரை நான் போனை வைக்கவில்லை. பெயர் திருத்தம் கேட்பவர்கள் இதை அவசியம் கேளுங்கள்: “டிக்கெட்டை ரீ-இஷ்யூ செய்துவிட்டீர்களா?”

அடுத்த முறை செக்-இன் நடந்தது. இருக்கை மூன்று வரிசை பின்னால் போயிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு போர்டிங் பாஸைச் சேமிக்கும் வேலை. ஆப்பில் தெரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. நெட் இல்லாத இடத்தில் ஆப் உள்நுழையச் சொல்லி நிற்கும். மின்னஞ்சலில் வரும் இணைப்பும் நெட் இருந்தால்தான் திறக்கும். நான் இருவரின் பாஸையும் போனின் வாலட்டில் சேர்த்தேன், பி.டி.எஃப். கோப்பாகவும் இறக்கினேன். அப்புறம் போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, ஆப்பை முழுதாக மூடி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். வாலட்டும் பி.டி.எஃப்.பும் திறந்தன, ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் பார்கோடைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிடாதீர்கள், அந்த இடம் ஸ்கேனருக்கு வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் கேட் எண் மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள். கேட்டை நிலையத்தின் பலகையில்தான் பார்க்க வேண்டும். அந்தப் படத்தைப் பொதுவெளியில் பகிரவே வேண்டாம், பார்கோடுக்குள் பி.என்.ஆர். இருக்கிறது.

விமான நிலையத்தில் ஆவணச் சரிபார்ப்புக் கவுன்டரில் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தார்கள், எந்தக் கேள்வியும் வரவில்லை. பாதுகாப்புச் சோதனைக்குள் போகும் இடத்தில் அம்மா முன்னால் நின்றார். தன் போனை நீட்டினார், சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார், சிவப்பு.

“என்னம்மா, பேரைத்தான் சரி பண்ணிட்டோமே!” என்றார் பதற்றத்தோடு.

போனை வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள் நான் அனுப்பிய முதல் பாஸ் அது. பழைய இருக்கை, SEQ என்ற இடத்தில் 041. புதியதில் 087. மறு செக்-இன் செய்யும்போது வரிசை எண் புதிதாக வருகிறது, பழைய பார்கோடு செல்லாது. என் வாலட்டிலிருந்த புதிய பாஸைத் திறந்து, திரையின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைத்தேன். பச்சை. புதியதை அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, அவர் போனிலிருந்த பழைய படத்தை அங்கேயே நின்று அழித்தேன்.