ஆடியில் தாங்குமா? கடைக்கு மாறுவதா என்று நான் போட்ட கணக்கு

ஜூலை 6, ஞாயிறு

வீட்டில் நான் நடத்தும் பியூட்டி பார்லரை மாற்ற எட்டயபுரம் ரோட்டில் ஒரு கடை காலியாகிறது என்று தையல்கடை அக்கா சொன்னார். வாடகை 8,000, அட்வான்ஸ் 80,000. கோவில்பட்டியில் அந்த இடத்துக்கு இது அதிகமில்லை. ஆனால் இந்த மாதம் முடிவதற்குள் பதில் வேண்டுமாம்.

இன்று மட்டும் பதினோரு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஹேர் டை போட்டு உட்கார வைத்திருந்தபோது இன்னொருவர் வந்தார். திண்ணையில் இரண்டு பேர் இருப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலேயே, "அப்புறம் வரேன்க்கா" என்று போய்விட்டார். வந்தவர்களை எழுதி வைக்கிறேன், திரும்பிப் போனவர்களை எழுதுவதில்லை. இன்றிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதுகிறேன். போனில் கேட்டு, நான் "இடமில்லை" என்று சொன்னவர்களும் இதில் சேர்த்தி.

ஜூலை 9, புதன்

ஜூன் நோட்டைப் பிரித்தேன். மணப்பெண் அலங்காரப் பணத்தை முதலில் தனியே எடுத்து வைத்தேன். அது மண்டபத்தில் நடக்கும் வேலை, அதற்குக் கடை வேண்டாம். அதையும் சேர்த்துப் பார்த்ததால்தான் இத்தனை நாள் கடை கட்டுப்படியாகும் என்று நினைத்திருந்தேன்.

மீதியைப் பார்த்தால் செவ்வாய் விடுமுறை போக 26 நாளில் 190 பேர் வந்திருக்கிறார்கள். த்ரெட்டிங், ஃபேஷியல், வேக்ஸிங் எல்லாம் கலந்து ஆளுக்குச் சராசரி 220 ரூபாய். அதில் சுமார் 50 ரூபாய் க்ரீம், வேக்ஸ், டை என்று போய்விடுகிறது. கையில் நிற்பது 170.

ஜூலை 10, வியாழன்

கடைச் செலவை இவரோடு உட்கார்ந்து எழுதினேன். வாடகை 8,000. என் ஒருத்தியால் கடையைத் திறந்து வைத்துச் சமாளிக்க முடியாது, ஒரு பெண்ணை வைத்தால் 9,000. கரண்டுக்கு 2,500. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், கடை இணைப்பில் அது கிடையாது, ரேட்டும் கூடுதல். தண்ணீர், சில்லறைக்கு 500. மொத்தம் 20,000.

நாற்காலி, கண்ணாடி, ஷாம்பு பேசின், ஏசி, போர்டு எல்லாம் 1,20,000 ஆகும். மூன்று வருஷத்தில் அதை எடுப்பதாக வைத்தால் மாதம் 3,300. அட்வான்ஸ் திரும்பி வரும் பணம் என்பதால் சேர்க்கவில்லை. ஆக மாதம் 23,300.

அதை 170-ஆல் வகுத்தால் 137 பேர். கடையின் வயிறு நிறையவே அத்தனை பேர் வேண்டும். வீட்டில் இப்போது கையில் நிற்கிற 32,300 ரூபாயைக் கடையிலும் பார்க்க வேண்டுமென்றால் 327 பேர், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதிமூன்று. இப்போது வருவது ஏழு. இவர் ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடி வைத்தார்.

ஜூலை 23, புதன்

ஆடி பிறந்து ஒரு வாரம். காலையில் இரண்டு பேர், மாலையில் ஒருவர். கடையாக இருந்தால் இந்த மூன்று பேருக்கும் லைட்டும் ஃபேனும் ஓடியிருக்கும், சம்பளமும் ஏறியிருக்கும்.

"தீபாவளிக்கு முந்தின வாரம் உன் வீட்டு வாசல்ல நிக்க இடமில்லையே" என்று மதினி சொல்கிறார். உண்மைதான். ஆனால் வாடகை பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். ஆடியும் மார்கழியும் தாங்குமா என்று பார்ப்பதுதான் சரி.

ஜூலை 31, வியாழன்

வழக்கமாக வரும் இருபது பேரிடம் கடைக்கு மாறினால் வருவார்களா என்று கேட்டேன். ஆறு பேர் தயங்கினார்கள். ஒரு டீச்சர், "வேலை முடிஞ்சு எட்டு மணிக்கு மேல உங்க வீட்டுக்குன்னா வரலாம், ரோட்டுக் கடைக்கு எப்படிம்மா" என்றார். மேல் உதட்டு முடி எடுக்க வருபவர்களுக்கும் யாரும் பார்க்காத இந்த உள் அறைதான் வசதி. இவர்களை இழந்துவிட்டு ரோட்டில் போகிறவர்களை நம்பிக் கடை எடுக்க மனம் வரவில்லை. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருத்தம்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆடி முடிந்தது. வந்தவர்கள் 142, திரும்பிப் போனவர்கள் 41. எல்லாரையும் பிடித்திருந்தாலும் 183. கடையாக இருந்தால் செலவு போக எட்டாயிரத்துக்கும் குறைவாகத்தான் நின்றிருக்கும். வீட்டில் 24,140 நின்றது.

ஆனால் அந்த 41 பேரில் 33 பேர் சனி, ஞாயிறில் வந்தவர்கள். எனக்கு இடம் போதாதது அந்த இரண்டு நாள்தான். அதனால் ஹாலில் திரை போட்டு இரண்டாவது நாற்காலி வைக்கிறேன். கோர்ஸ் முடித்த பெண் ஒருத்தி சனி, ஞாயிறு மட்டும் வருகிறாள், நாளைக்கு 500. மாதம் எட்டு நாளுக்கு 4,000, அதற்கு 24 பேர் கூடுதலாக வந்தால் போதும். டிவியை உள்ளே மாற்றச் சொன்னதில் அத்தைக்குக் கொஞ்சம் கோபம்.

திரும்பிப் போனவர்கள் பக்கத்தை விடப்போவதில்லை. பண்டிகையில்லாத இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் வருகிறவர்கள் மாதம் 250-ஐத் தொட்டு, புதன், வியாழனிலும் ஆட்கள் திரும்பிப் போனால் மறுபடி கடை தேடுவேன்.

இன்று அவளுக்கு முதல் நாள். த்ரெட்டிங்கில் நூலைப் பல்லில் பிடிக்கும்போது கை லேசாக நடுங்கியது. வந்தவர் கண்ணை மூடியபடி, "மெதுவா பண்ணும்மா, அவசரமில்ல" என்றார்.