ஏறாத சம்பளத்தை ஏற்றிய படம்

2025 ஜனவரி கடைசி. பிப்ரவரி 1 முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கும் எங்கள் செய்தி அறையில், அதற்கு அரை நிமிட அசைபடம் ஒன்று வேண்டும் என்றார் ஆசிரியர். கையில் கிடைத்தது ஆறு வரி அட்டவணை: 2013 ஜனவரியில் 900, 2016 ஜூலையில் 1,000, 2019 ஜனவரியில் 1,100, 2020 பிப்ரவரியில் 1,200, 2022 மே மாதம் 1,500, இப்போது 1,700. சபா, சரவாக் கணக்கு 2019 வரை வேறு என்பதால், ‘தீபகற்பம்’ என்று தலைப்பிலேயே போட்டுவிட்டோம்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைபட மென்பொருளில் ஆறு கீஃபிரேம் வைத்தேன், அதாவது இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்று ஆறு இடத்தில் குறித்தேன், வரிக்கு நான்கு விநாடி. கோடு வழுக்கிக்கொண்டு மேலே போனது, பக்கத்தில் எண்ணும் 900, 901, 902 என்று ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் தரை துடைக்க வரும் அக்கா என் திரையைப் பார்த்துவிட்டு நின்றார். “தம்பி, எனக்கு மூணு வருஷம் அதே தொள்ளாயிரம்தான். இதுல ஏறிக்கிட்டே இருக்கே?”

படத்தை 2015-ல் நிறுத்திப் பார்த்தேன். எண் 950-ஐத் தாண்டியிருந்தது. அட்டவணையில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே உள்ளதை மென்பொருள் தானாக நிரப்பிக்கொள்கிறது. பந்து உருளும் படத்துக்கு அது சரி. சம்பள ஆணை அப்படி உருண்டு வருவதில்லை. முதல் நாள் இரவு வரை 900, மறுநாள் காலை 1,000. அச்சில் வரும் படத்தில் இந்தத் தப்பு ஒரு சாய்வுக் கோடாக மட்டும் நிற்கும். அசைபடத்திலோ நடுவில் வரும் ஒவ்வொரு பிரேமும் தன்னை ஓர் உண்மை என்று சொல்லிக்கொள்கிறது, அதுவும் எண்ணோடு.

திருத்துவது சுலபம். கீஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்து `Toggle Hold Keyframe` கொடுத்தால், அடுத்தது வரும்வரை மதிப்பு அசையாது. கோட்டைப் படிக்கட்டாக வரைந்தேன். இணையத்தில் D3 என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு வரைபவர்களுக்கு இதுவே `d3.curveStepAfter`.

இரண்டாவது தப்பு அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. வரிக்கு நான்கு விநாடி என்று நான் பங்கு போட்டதில், மூன்றரை வருடக் காத்திருப்பும் பதின்மூன்று மாதக் காத்திருப்பும் ஒரே நீளமாகிவிட்டன. வருடத்துக்கு இரண்டு விநாடி என்று மாற்றினேன். முதல் படி ஏழு விநாடி அப்படியே கிடந்தது. 2019-க்கும் 2020-க்கும் நடுவே இரண்டே விநாடிதான். “ஏழு விநாடி ஒண்ணும் நடக்கலன்னா ஆளு தள்ளிட்டுப் போயிருவாங்கண்ணே” என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றும் நடக்காததுதானே அங்கே செய்தி? அடியில் வருடம் நகர்வது தெரிந்தால் பொறுப்பார்கள் என்று வாதாடி வைத்துக்கொண்டேன். எல்லாச் செய்திக்கும் இந்தப் பிடிவாதம் செல்லாது. வாக்கு எண்ணிக்கைப் படத்தில் நானே நேரத்தைச் சுருக்கியிருக்கிறேன்.

2020-ல் இன்னொரு சிக்கல். 1,200 என்பது 56 மாநகர, நகராட்சிப் பகுதிகளுக்கு மட்டும். மற்ற இடங்களில் 1,100 தொடர்ந்தது. அட்டவணையில் அது ஒரு நட்சத்திரக் குறி, கீழே பொடி எழுத்து. எல்ஆர்டி ரயிலில் சத்தத்தை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் பார்ப்பவர் பொடி எழுத்தைப் படிக்கமாட்டார். அதனால் அந்த இடத்தில் கோட்டையே இரண்டாகப் பிரித்தேன்: மேலே ‘நகரம்’, கீழே ‘மற்ற இடம்’, 2022-ல் மறுபடி ஒன்றாகும்.

(இதற்கிடையில் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பறந்தது வேறு கதை. எழுத்து எழுத்தாகத் தோன்றும் எஃபெக்டைத் தமிழில் நான் தொடுவதே இல்லை. சொல் முழுதாக வரட்டும்.)

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் படி நீண்டு கிடந்தபோது தலையாட்டினார். கடைசிப் படி 1,700-க்கு ஏறியதும், “என் மக பிரிக்ஃபீல்ட்ஸ்ல துணிக்கடையில இருக்கா. மொத்தமே மூணு பேரு. அவளுக்கும் பிப்ரவரியா?” என்றார்.

இல்லை. ஐந்து பேருக்குக் குறைவான கடைகளுக்குப் பொதுவாக ஆகஸ்ட் 1 முதல்தான். அதையும் நான் பொடி எழுத்தில்தான் போட்டிருந்தேன். 2022-லும் இதே கதை. சின்ன முதலாளிகளுக்கு 2023 ஜூலை வரை தவணை கிடைத்தது. இரண்டு இடத்திலும் புள்ளிக்கோடு ஒன்றை இழுத்து, ‘5 பேருக்குக் குறைவு’ என்று அதன் மேலேயே எழுதினேன். கடைசிப் பிரேமை நான்கு விநாடி நிறுத்தினேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அக்கா விரலால் புள்ளிக்கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். “அப்ப ஆகஸ்ட் வரைக்கும் அவளுக்கு ஆயிரத்து ஐந்நூறுதான்” என்றார்.