சிவன் கண் கூடைக்கு 680 ரூபாய்: விலை சொல்லிப் பார்த்த அனுபவம்

வயர் கூடை பின்னுவது எனக்குப் பொழுதுபோக்கு. கோபியில் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் பின்னுகிறோம். பின்னுவதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். விற்கும்போது விலையை எப்படிச் சொல்வது என்று நான் செய்து பார்த்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். சந்தையில் 250 ரூபாய்க்குக் கூடை கிடைக்கிறது, நான் கேட்பது 680. எப்படியும் ஒரு கேள்வி வரும்.

முதலில் அந்த 680 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். காய்கறி வாங்கப் போகிற அளவுக் கூடை, சிவன் கண் முடிச்சு. வயர் இரண்டு கட்டு, நான் வாங்கிய விலையில் 210 ரூபாய். அடியில் வைக்கிற குமிழும் கைப்பிடிக்குள் போடுகிற டியூப்பும் 30. மீதி எல்லாம் நேரம். நேரத்துக்கு என்ன கூலி போடுவது என்று யோசித்தபோது, நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த நாள் கூலியான 336 ரூபாயை எடுத்துக்கொண்டேன். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. கூடைக்குப் பத்து மணி நேரம், அதாவது 420. எல்லாம் சேர்த்து 660, வயர் வாங்கப் போய்வருகிற பஸ் செலவுக்கு 20.

இந்தப் பத்து மணி நேரம் கை பழகிய பிறகு ஆகிற நேரம். பழகும்போது இதைவிட அதிகம் ஆனது. கண் தப்பி ஒரு வரிசை முழுக்கப் பிரித்துப் போட்டதும் உண்டு. அந்த நேரத்தையெல்லாம் வாங்குகிறவர் தலையில் கட்ட முடியாது. அதையும் சேர்த்து விலை வைத்தால், சொல்லும்போது நமக்கே குரல் இறங்கிவிடும். பழகின கைக்கு ஆகிற நேரம் மட்டும்தான் கணக்கு என்று வைத்துக்கொண்ட பிறகு, 680 என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

அடுத்து, சொல்கிற விதம். ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் மேசை போட்டிருந்தபோது, "ஏனுங்க, சந்தையில 250-க்கே கெடைக்குதுங்களே?" என்று கேட்டவரிடம் கணக்கை அப்படியே ஒப்பித்துப் பார்த்தேன். வயர் இவ்வளவு, டியூப் இவ்வளவு, பத்து மணி நேரம், கூடவே முதுகு வலி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப 240 ரூவாதான் செலவுங்களா? 400 வெச்சுக்கங்க" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. ஒவ்வொரு செலவையும் பிரித்துச் சொன்னால், ஒவ்வொன்றையும் பேரம் பேசலாம் என்றுதான் அர்த்தமாகிறது. முதுகு வலியைச் சொன்னால் பாவம் பார்த்து வாங்கச் சொல்வது போல ஆகிவிடுகிறது. கணக்கு என் நோட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு கூடையின் கைப்பிடியிலும் ஒரு சின்ன அட்டை கட்டினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: "சிவன் கண் முடிச்சு. புது வயர், இரண்டு கட்டு. கைப்பிடியின் முனைகள் ஆறு முடிச்சு ஆழம் உள்ளே போகின்றன. பத்து மணி நேர வேலை. ரூ.680." அட்டையில் 'மட்டும்', 'ஆனால்', 'ஏனென்றால்' எதுவும் கிடையாது. யாரும் கேட்பதற்கு முன்பே எழுதியிருப்பதால் அது பொருளைப் பற்றிய தகவலாகத்தான் தெரிகிறது. இதையே கேள்விக்குப் பிறகு வாயால் சொன்னால் சமாதானம் சொல்வது போல இருக்கிறது. வார்த்தை ஒன்றுதான், சொல்கிற நேரம்தான் வேறு.

பத்து மணி நேரம் என்று எழுதினால் மட்டும் போதாது. அந்த நேரம் கூடையில் எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகப் பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு சாதா முடிச்சுக் கூடையும் வைத்தேன். சிவன் கண்ணில் ஒவ்வொரு கண்ணுக்கும் வயர் கூடுதலாகச் சுற்றி வரும். அதனால் வயரும் அதிகம், நேரமும் அதிகம். இரண்டையும் கையில் வாங்கினாலே கனத்தில் வித்தியாசம் தெரியும். ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றையும் மேசைக்கடியில் வைத்திருந்தேன். கேட்கிறவர்களிடம் அதைக் கூடைக்குள் வைத்துத் தூக்கச் சொல்வேன். முடிச்சுகளை ஒரே இறுக்கத்தில் போட்டிருந்தால் அடி தொங்காது. தளர்வாகப் போட்ட கூடையில் அடி பானை வயிறு போல இறங்கும், பக்கத்து ஓட்டைகள் நீளவாக்கில் இழுபடும். கூடை பெரும்பாலும் முதலில் விட்டுப்போவது கைப்பிடி சேருகிற இடத்தில்தான். அங்கே வயர் முனை இரண்டு முடிச்சோடு நின்றுவிட்டதா, உள்ளே நீளமாகப் போகிறதா என்று திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் திருப்பிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வேன். பார்க்கிறவரே விரலால் தடவிப் பார்ப்பார்.

பவானியில் ஜமக்காளம் வாங்கப் போனால் சில கடைக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். 2005-06-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆனாலும் அதைப் பற்றிப் பேச்சு வளர்க்காமல் விரித்து, புரட்டி, கரையைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

சந்தைக் கூடையைப் பற்றிக் கேட்டால் என் பதில் இப்போது இவ்வளவுதான்: "ஆமாங்க, கெடைக்குதுங்க. அது சாதா முடிச்சுங்க, இது சிவன் கண்ணுங்க." அந்தக் கூடையை மட்டம் தட்டுவதில்லை. அதைப் பின்னினவரும் நம்மைப் போல ஒருத்தர்தான். தவிர, கேட்கிறவர் வீட்டிலேயே அந்தக் கூடை ஒன்று பத்து வருடமாக உழைத்துக்கொண்டிருக்கலாம். வயரைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரு துண்டை எடுத்து நகத்தால் அழுத்தி மடித்துக் காட்டுவேன். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த வயரில் மடிப்பு சீக்கிரம் வெளுத்துப் போகும், ஒரு மாதிரி வாடையும் அடிக்கும்.

பதில் சொன்ன பிறகு சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் கூடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "வேணும்னா கொஞ்சம் கொறச்சுக்கலாங்க" என்று வாய் தானாக வந்துவிடும். அதைச் சொன்ன நிமிடமே 680 பொய்யாகிவிடுகிறது. விலை கட்டாதவர்களுக்கு சாதா முடிச்சுக் கூடையை நகர்த்தி வைப்பேன். ஒன்றரைக் கட்டு வயர், ஆறு மணி நேரம், 440 ரூபாய். விலை குறைகிறது என்றால் வேலையும் குறைந்திருக்கிறது. இரண்டும் வேண்டாம் என்று போகிறவர்களும் உண்டு. கீரைக்கட்டு போட்டுக்கொண்டு வர ஒரு கூடை போதும் என்கிறவருக்கு 250 ரூபாய்க் கூடைதான் சரி. எந்த அட்டையும் அவர் மனதை மாற்றாது, மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

போன மாதம் தெரிந்த ஒரு அக்கா, மகள் கல்யாணச் சீர் வைக்க இருபது கூடை கேட்டார். "மொத்தமா எடுத்தா எவ்வளவு கொறைப்பீங்க கண்ணு?" என்றார். நோட்டைப் பார்த்தேன். வயரை மொத்தமாக எடுத்தால் கட்டுக்குப் பத்து ரூபாய் இறங்கும், பஸ் செலவும் பங்காகிவிடும். ஆனால் இருபதாவது கூடைக்கும் அதே பத்து மணி நேரம்தான். "வயர்ல கொறையறத அப்படியே கொறச்சுக் குடுத்தர்றேங்க்கா, 640 வரும். அதுக்குக் கீழ வேணும்னா சின்னதா பின்னித் தர்றேன்" என்றேன். அவர் வீட்டில் கலந்துகொண்டு, சம்பந்தி வீட்டுக்கு மட்டும் பெரிது நாலு, மீதி பதினாறும் சாதா முடிச்சில் சின்னது என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். சின்னதுக்கு வயர் எவ்வளவு இழுக்கும் என்று ஒன்றைப் பின்னிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் அதற்கும் அட்டை எழுத வேண்டும்.