கடையின் வாடகையை எந்தப் பகுதியின் தலையில் கட்டுவது? திணைக்களக் கணக்கில் நான் கற்றுக்கொண்டது

கணக்கீட்டுப் பரீட்சைக்கு முதல் தடவை இருந்தபோது, ஒரே கடையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே இலாப நட்டம் பார்க்கும் திணைக்களக் கணக்கு வினாவில் நான் இழந்த புள்ளிகள் எல்லாம் ஒரே காரணத்தால் போனவை. வாடகை, மின்சாரம், சம்பளம் என்று பொதுச் செலவு எது வந்தாலும் விற்பனை விகிதத்தில் பிரித்துவிட்டுப் போய்விடுவேன். வினாவின் கீழே கொடுத்திருந்த சதுர அடி, ஊழியர் எண்ணிக்கை எல்லாவற்றையும் வெறும் நிரப்பல் என்று நினைத்திருந்தேன். இது பிழை என்று எனக்கு உறைத்தது வகுப்பில் இல்லை, பெரியப்பாவின் கடையில்.

பெரியப்பாவின் கடை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் இருக்கிறது. புடவை, பாதணி, மின்சாதனம் என்று மூன்று பகுதிகள். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மின்சாதனம் நட்டத்திலதான் ஓடுது எண்டு நினைக்கிறன். மூடிவிடலாமோ? ஒருக்கா கணக்குப் பாத்துச் சொல்லு" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். படிப்பவர்களுக்கு வசதியாக இருக்க, இலக்கங்களை நேர்த்தியாக்கித் தருகிறேன்.

மாத விற்பனை புடவையில் 60 இலட்சம், மற்ற இரண்டிலும் 30 இலட்சம் வீதம். விற்பனையில் பொருட்களின் கொள்விலையைக் கழித்தால் வரும் மொத்த இலாபம் புடவையில் 12 இலட்சம், பாதணியில் 6 இலட்சம், மின்சாதனத்தில் 3 இலட்சம். புடவையில் 6 பேரும் மற்ற இரண்டிலும் 2 பேர் வீதமும் வேலை செய்கிறார்கள், ஆளுக்குச் சம்பளம் 50,000 ரூபா. இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். முதலாளிக்கு ஓர் ஊழியரால் வரும் செலவு 50,000 அல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆளுக்கு 57,500. ஊழியர் கட்டும் 8 சதவீதம் அவருடைய சம்பளத்திலிருந்தே கழிபடுவதால் அதை மறுபடி கூட்டக்கூடாது. நான் ஒருமுறை கூட்டியிருக்கிறேன்.

இந்தச் சம்பளம் பொதுச் செலவே இல்லை. புடவைப் பகுதியில் நிற்பவரின் சம்பளம் நேரே புடவைக்குத்தான் போகும். பகிர வேண்டியவை நான்கு: வாடகை 600,000, மின்சாரம் 130,000, காசாளர் இருவருக்கு 92,000, முகாமையாளருக்கு 115,000. மொத்தம் 937,000 ரூபா.

முதலில் என் பழைய வழியில், எல்லாவற்றையும் விற்பனை விகிதத்தில் பிரித்துப் பார்த்தேன். புடவைக்கு 386,500 இலாபம், பாதணிக்கு 250,750 இலாபம், மின்சாதனத்துக்கு 49,250 நட்டம். பெரியப்பா நினைத்தது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

அப்புறம் மின்சாரப் பில்லைக் கையில் எடுத்தபோதுதான் இடித்தது. பாதணிப் பகுதியில் ஏசியே கிடையாது. நாலைந்து மின்விசிறியும் விளக்குகளும்தான். அவர்கள் கூடுதலாக விற்றால் மின்சாரம் கூடுமா? கூடாது. அப்படியென்றால் விற்பனை விகிதத்தில் அவர்கள் தலையில் ஏன் 32,500 ரூபா மின்சாரத்தைக் கட்ட வேண்டும்? அன்றிலிருந்து ஒவ்வொரு செலவையும் பார்த்து இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்: எது கூடினால் இது கூடும்?

மின்சாரத்துக்குச் சதுர அடியைப் பிடிப்பது வழமை. வினாவில் வேறு தரவு இல்லையென்றால் அதையே எடுங்கள். ஆனால் கடையில் அதுவும் பொருந்தாது. ஏசி உள்ள ஆயிரம் சதுர அடியும் இல்லாத ஆயிரமும் ஒன்றல்ல. அதனால் கடையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு பொருளின் வாட்டையும் எழுதினேன். கடை நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாள் திறந்திருக்கும், அதாவது 260 மணித்தியாலம். புடவையில் ஏசி மூன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோவாட். அது 1,560 அலகு, விளக்குகளுக்கு 260, ஆக 1,820. பாதணிக்கு 182. மின்சாதனத்தில் காட்சிக்காக நாள் முழுக்க ஓடும் ரிவிகளையும் விளக்குகளையும் சேர்த்து 598. கூட்டினால் 2,600. பில்லில் இருந்த அலகு இதைவிடக் கொஞ்சம் கூட, ஏனென்றால் தண்ணீர் மோட்டரும் மாடிப்படி விளக்கும் என் கணக்கில் இல்லை. பரவாயில்லை, நமக்கு வேண்டியது விகிதம்தான்: 70, 7, 23. பில்லின் 130,000 ரூபா அப்படியே 91,000, 9,100, 29,900 என்று பிரிந்தது.

வாடகைக்குச் சதுர அடி பொருந்தும். புடவைக்கு 3,000, மற்றவைக்கு 1,000 வீதம். காசாளர் மேசையும் மாடிப்படியும் பிடிக்கும் இடத்தைத் தனியாக வைக்காமல், விற்பனைக்கான 5,000 சதுர அடிக்குள்ளேயே வாடகையைப் பிரித்தேன்: 360,000, 120,000, 120,000. தெருவைப் பார்த்த கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் வாடகைப் பெறுமதி ஒன்றல்ல. உங்கள் வினாவில் தளத்துக்குத் தளம் வீதம் கொடுத்திருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

காசாளரின் வேலை பில்லின் தொகையால் கூடுவதில்லை, எண்ணிக்கையால்தான் கூடும். ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கும் ஒரு சோடிச் செருப்புக்கும் ஒரு பில்தான். மாதம் புடவையில் 2,400, பாதணியில் 1,800, மின்சாதனத்தில் 400 பில்கள். பில்லுக்கு 20 ரூபா விழுகிறது: 48,000, 36,000, 8,000. முகாமையாளர் மேற்பார்ப்பது ஆட்களை. அதனால் ஊழியர் எண்ணிக்கைப்படி 69,000, 23,000, 23,000. நல்லூர்த் திருவிழா நாட்களில் பாதணிப் பையன்கள் புடவைப் பக்கம் போய் நிற்பார்கள். அந்த மாதத்தில் தலைகளை எண்ணினால் கணக்குப் பிசகும், மணித்தியாலத்தைக் குறித்து வைக்க வேண்டும்.

இப்போது விடை புடவைக்கு 287,000, பாதணிக்கு 296,900, மின்சாதனத்துக்கு 4,100. மூன்றிலும் இலாபம், அதிலும் பாதணி புடவையை முந்திவிட்டது. கூட்டிப் பாருங்கள், இரண்டு முறையிலும் 588,000தான் வரும். பகிர்வு கடை முழுவதற்குமான இலாபத்தை ஒரு சதமும் மாற்றாது. அந்தக் கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால் எங்கோ கூட்டல் பிழை இருக்கிறது. பரீட்சையில் நான் முதலில் சரிபார்ப்பது இதைத்தான்.

ஆனால் பெரியப்பா கேட்ட கேள்விக்கு 4,100 பதில் அல்ல. மின்சாதனத்தை மூடினால் வாடகை குறையாது, முகாமையாளரும் காசாளர்களும் அப்படியே இருப்பார்கள். மிச்சமாவது ஊழியர் இருவரின் 115,000மும் 29,900 ரூபா மின்சாரமும்தான். இழப்பது 300,000 மொத்த இலாபம். அந்த வெற்றிடத்தில் வேறெதுவும் விற்காவிட்டால் கடைக்கு மாதம் 155,100 ரூபா குறையும், 588,000 இருந்த இடத்தில் 432,900 வரும். விற்பனை விகிதத்தில் வந்த 49,250 நட்டத்தை நம்பி மூடியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். "திணைக்களத்தை மூடலாமா, ஆலோசனை கூறுக" என்று வினா வந்தால் பகிர்ந்த தொகைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மூடினால் உண்மையில் நின்றுபோகும் செலவை மட்டும் எடுத்து எழுதுங்கள்.

தாளைக் காட்டியதும் பெரியப்பா முதலில் கேட்டது, "அப்ப புடவைக்குத்தான் இவ்வளவு கறண்டோ?" என்று. மூடும் பேச்சு அதோடு நின்றது. அடுத்த மாதம் மின்வினைஞரைக் கூப்பிட்டுப் புடவைப் பகுதிக்குத் தனி மீற்றர் ஒன்று போட்டார். இப்போது அந்த ஏசிகளின் செலவை நான் பிரிப்பதில்லை, மீற்றரைப் பார்த்து அப்படியே புடவையில் எழுதுகிறேன்.