அத்தோ வீடியோவுக்குத் தலைப்புத் தேடியபோது

ரங்கூனில் அம்மா சமைப்பதைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறேன். ஆரம்பத்தில், பெரிய தமிழ்ச் சமையல் சேனல்களில் லட்சக்கணக்கில் ஓடிய வீடியோக்களின் தலைப்புகளைப் பார்த்தேன். ‘5 நிமிடத்தில்’ என்பது அடிக்கடி கண்ணில் பட்டது. நானும் அத்தோ என்ற பிசைந்த நூடுல்ஸ் வீடியோவுக்கு ‘5 நிமிடத்தில் பர்மா நூடுல்ஸ்’ என்று வைத்தேன். வெங்காயம் பொன்னிறமாகப் பொரியவே கால் மணி நேரம் ஆகும். அம்மா வெங்காயம் நறுக்கும் இடத்தில், பார்ப்பவர்கள் எதுவரை இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு சடாரென்று இறங்கியிருந்தது.

அப்புறம் வேறு விதமாகப் பார்த்தேன். என் சேனல் அளவுக்கே இருக்கும் எட்டுச் சமையல் சேனல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்துக்கு மேல் பழையதான 21 வீடியோக்களைப் பார்வை எண்ணிக்கைப்படி வரிசையாக எழுதினேன். நடுவில் வரும் 11ஆவதுதான் அந்தச் சேனலின் வழக்கமான ஓட்டம். ஒரு சேனலில் அது 4,000. அங்கே 52,000 வாங்கிய வீடியோவில் ஏதோ இருக்கிறது. வழக்கமாகவே இரண்டரை லட்சம் ஓடும் பெரிய சேனலில் மூன்று லட்சம் என்றால் பெரிய விஷயமில்லை.

முக்கியமாக, அதே சேனல்களில் ஓடாத வீடியோக்களையும் பக்கத்திலேயே எழுதினேன். ‘5 நிமிடத்தில்’ இரண்டு பக்கமும் இருந்தது, ஆக அது காரணமில்லை. நீளமும் அப்படித்தான்: ஏழெட்டு நிமிட வீடியோக்கள் மேலேயும் கீழேயும் இருந்தன. ஓடியவற்றில் மட்டும் தெரிந்தது இரண்டு. தலைப்பின் முதல் இரண்டு சொல்லுக்குள் பதார்த்தத்தின் பெயர் வந்துவிடுகிறது. வீடியோ தொடங்கிப் பத்து நொடிக்குள் சமைத்து முடித்த தட்டு வந்துவிடுகிறது.

போனில் தலைப்பின் பின்பாதி வெட்டுப்படுவதால் பெயர் முன்னால் இருப்பது உதவுகிறது. தலைப்புக்கு யூடியூப் வைத்திருக்கும் 100 எழுத்து வரம்பிலும் கவனம் வேண்டும்: ‘அத்தோ’ நமக்கு மூன்று எழுத்து, புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணினால் ஐந்து.

காப்பி அடிக்காமல் இருக்க, நோட்டில் அவர்கள் சொற்களை எழுதவே இல்லை. ‘பதார்த்தம், இடம், நம் வீட்டு முறை’ என்று எலும்புக்கூட்டை மட்டும் எழுதி, ஒரு வாரம் அந்தச் சேனல்களைத் திறக்காமல் தலைப்பு யோசித்தேன். எழுதியதை வேறொரு சேனலின் வீடியோவுக்குப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தினால் அடித்துவிட்டேன்.

பெயரில்தான் நிறைய யோசித்தேன். நாங்கள் இங்கே கௌசுவே தோ என்போம். சென்னையில் அதன் உறவான பதார்த்தத்துக்கு அத்தோ என்றுதான் பெயர். தமிழில் தேடுகிறவர் அடிப்பது அந்தச் சொல்லைத்தான். ஆகவே, ‘அத்தோ: ரங்கூனில் எங்கள் அம்மா பிசைவது இப்படி’. முகப்புப் படத்தைத் தொடாமல் தலைப்பை மட்டும் மாற்றினேன். இரண்டு வாரத்தில் கிளிக் விகிதம் 3.1லிருந்து 5.2 சதவீதம் ஆனது. வெங்காயம் நறுக்கும் இடத்தில் இருந்த சரிவு மட்டும் அப்படியே நின்றது. ஏற்றிய வீடியோவில் கொஞ்சம் வெட்டலாமே தவிர, புதுக் காட்சியை முன்னால் சேர்க்க முடியாது. அடுத்த வாரம் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸை எடுத்தபோது, ஆவி பறக்கும் கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் கேமராவை ஓடவிட்டேன்.