இருபது தோல்விகளில் மூடப்பட்ட எண்ட்பாயிண்ட்

கடைக்காரர்களுக்கு இணையவழியாகப் பணம் வசூலித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஒரு கட்டணம் வெற்றி பெற்றாலோ, தோற்றாலோ, வாங்கியவருக்குத் திருப்பித் தரப்பட்டாலோ, அந்தச் செய்தியைக் கடைக்காரரின் சர்வருக்கு நாங்களே அனுப்புவோம். அவர் ஒரு முகவரி கொடுத்திருப்பார், அதை எண்ட்பாயிண்ட் என்போம், அந்த முகவரிக்கு ஒரு POST போகும். அதுதான் வெப்ஹூக். வாங்குகிற பக்கத்தை எழுதிய அனுபவம் எனக்கு நிறைய இருந்தது. அனுப்புகிற பக்கத்தை முதல்முறையாக அங்கேதான் எழுதினேன்.

முதல் வடிவம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அனுப்ப வேண்டிய செய்திகளுக்கு ஒரு அட்டவணை, அதிலிருந்து எடுத்து அனுப்ப 50 வொர்க்கர்கள், பதில் வர 10 விநாடி அவகாசம், தோற்றால் இன்னும் சில முறை முயற்சி. சோதித்துப் பார்த்தோம், ஓடியது. சில மாதங்கள் நன்றாகவே ஓடியது.

ஒரு நாள் மதியம் எல்லாக் கடைக்காரர்களுக்கும் செய்திகள் தாமதமாகப் போக ஆரம்பித்தன. எங்கள் சர்வர்களில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. சிபியூ சும்மா கிடந்தது. தேடிப் பார்த்ததில், ஒரு பெரிய துணிக்கடை தன் ஃபயர்வாலை மாற்றியிருந்தது தெரிந்தது. எங்கள் ஐபி முகவரிகள் அதில் அனுமதிக்கப்படவில்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இணைப்பை மறுக்கிற சர்வரால் பெரிய தொல்லை இல்லை, மறுப்பு சில மில்லி விநாடிகளில் வந்துவிடும், வொர்க்கர் அடுத்த செய்திக்குப் போய்விடும். ஆனால் பல ஃபயர்வால்கள் மறுப்பதில்லை, வருவதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அப்போது வொர்க்கர் முழு 10 விநாடியும் காத்துக் கிடக்கும். அந்தக் கடைக்கு விநாடிக்கு 8 செய்திகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 10 விநாடி பிடித்தால், எந்த நேரத்திலும் 80 வொர்க்கர்கள் அந்த ஒரு கடைக்காகவே தேவை. எங்களிடம் இருந்தது 50. மற்ற கடைகளின் செய்திகள் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன.

அன்று மாலை அவசரமாக ஒரு விதி எழுதினேன்: தொடர்ந்து 20 முறை தோற்றால் அந்த எண்ட்பாயிண்டை முடக்கிவிடு. நெரிசல் உடனே தீர்ந்தது. குழுவில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான்.

அந்த விதி இரண்டு மாதம் கழித்துக் கடித்தது. இன்னொரு கடையில் தள்ளுபடி விற்பனை நடந்துகொண்டிருந்தது. இரவு 11:40க்கு அவர்கள் ஒரு புதிய வெளியீட்டை ஏற்றினார்கள். சர்வர் மறுபடி எழுந்திருக்கும் வரை, ஏறத்தாழ 40 விநாடிகள், 502 என்ற பிழை எண்தான் பதிலாக வந்தது. விநாடிக்கு 8 செய்திகள் என்றால் 20 தோல்விகளுக்கு 3 விநாடிகூட ஆகாது. எண்ட்பாயிண்ட் முடக்கப்பட்டது. 37 விநாடி கழித்து அவர்கள் சர்வர் நலமாகத் திரும்பி வந்தது, எங்களிடமிருந்து எதுவுமே வராமல் காலை வரை காத்திருந்தது. காலையில் அவர்களுடைய டெவலப்பர் கூப்பிட்டார். "சார், ராத்திரி 11:40க்கு அப்புறம் ஒண்ணுமே வரல. பணம் போயிருக்குன்னு கஸ்டமர் சொல்றாங்க, எங்க சிஸ்டத்துல ஆர்டர் பெண்டிங்லயே நிக்குது."

அதைவிட மோசமானது அடுத்துத் தெரிந்தது. முடக்கப்பட்ட எண்ட்பாயிண்டுக்கு நாங்கள் செய்தியைச் சேமிக்கவே இல்லை. முடங்கியிருந்தால் வரிசையில் போடாதே என்று நிரல் இருந்தது. முடக்கத்தை நீக்கியதும் பழையதை அனுப்ப எங்களிடம் எதுவும் இல்லை. அந்த ஒன்பது மணி நேரத்துக் கட்டணங்களை முதன்மைத் தரவுத்தளத்திலிருந்து தனியாக எடுத்து ஒரு கோப்பாக அவருக்குக் கொடுத்தோம். அவர் மதியம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அந்த மனிதரின் ஒரு நாளை நான் எழுதிய ஒரு வரி தின்றுவிட்டது என்ற எண்ணம் இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான், இரண்டு வேறு பிரச்சினைகளுக்கு ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது. ஒருவர் மற்றவர்களின் வழியை அடைக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்று. உண்மையிலேயே செத்துப்போன முகவரிக்கு அனுப்புவதை நிறுத்துவது இன்னொன்று. முன்னது விநாடிக் கணக்கில் நடக்க வேண்டியது. பின்னது நாள் கணக்கில்.

நெரிசலுக்கு, ஒரு எண்ட்பாயிண்டுக்கு ஒரே நேரத்தில் அதிகபட்சம் 5 கோரிக்கைகள்தான் போகலாம் என்று வைத்தோம். அது தோற்றுக்கொண்டிருந்தால் ஒன்றே ஒன்று. மீதிச் செய்திகள் அட்டவணையில் காத்திருக்கும். அட்டவணையில் ஒரு வரி காத்திருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை, வொர்க்கர் காத்திருந்தால்தான் நஷ்டம். வெற்றி கிடைத்ததும் 1, 2, 5 என்று படிப்படியாக ஏற்றி, காத்திருந்தவற்றை முன்னே இழுப்போம். சர்வர் 200 மில்லி விநாடியில் பதில் தந்தால், 5 கோரிக்கைகள் வழியாக விநாடிக்கு 25 செய்திகள் போகும். புதிதாக வருபவை 8 என்றால் பழைய குவியலிலிருந்து 17 கரையும். ஒரு மணி நேரம் விழுந்து கிடந்த சர்வருக்கு 28,800 செய்திகள் சேர்ந்திருக்கும், அவை அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். இந்த வரம்பு இல்லாவிட்டால் அத்தனையும் ஒரே மூச்சில் போய், இப்போதுதான் எழுந்த சர்வரை மறுபடி படுக்க வைக்கும்.

முடக்குவதற்கு எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தைக் கையில் எடுத்தோம். எண்ட்பாயிண்ட் அட்டவணையில் `failing_since` என்று ஒரு பத்தி. முதல் தோல்வியில் நேரம் பதியும், ஒரே ஒரு வெற்றி வந்தாலும் அழிந்துவிடும்.

```sql
-- தோல்வி
UPDATE endpoints
SET failing_since = COALESCE(failing_since, now())
WHERE id = $1;

-- வெற்றி
UPDATE endpoints
SET failing_since = NULL
WHERE id = $1 AND failing_since IS NOT NULL;
```

`failing_since` ஐந்து நாளைத் தாண்டினால் முடக்கலாம். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. வாரத்துக்கு ஒரு விற்பனை மட்டுமே நடக்கிற சிறிய கடையை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஒரு செய்தி தோற்கிறது, மறுமுயற்சிகளும் தோற்று முடிகின்றன. அடுத்த செய்தி அடுத்த திங்கட்கிழமைதான். அதன் முதல் முயற்சி தோற்றால், கணக்குப்படி ஏழு நாளாகத் தோல்வி. ஆனால் நடுவில் நாங்கள் முயன்று பார்க்காத நாட்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதனால் கடைசி 24 மணி நேரத்துக்குள், குறைந்தது ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று தோல்விகளாவது இருக்க வேண்டும் என்று சேர்த்தோம். பதில் எண்ணாக 410 வந்தால் மட்டும் உடனே முடக்குவோம். அந்த எண்ணுக்குப் பொருளே இது நிரந்தரமாகப் போய்விட்டது என்பதுதான்.

முடக்குவதற்கு முன் முதல் நாளும் மூன்றாம் நாளும் மின்னஞ்சல் போகும். ஆரம்பத்தில் எண்ட்பாயிண்டை உருவாக்கியவருக்கு அனுப்பினோம். அவர் பெரும்பாலும் வேலையை விட்டுப் போயிருப்பார். கணக்கின் உரிமையாளருக்கும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் பதில்கள் வந்தன. முக்கியமாக, முடங்கியிருக்கும் காலத்திலும் செய்திகளைச் சேமிக்கத் தொடங்கினோம். நிறுத்திவைக்கப்பட்டவை என்ற குறியோடு 30 நாள் இருக்கும். முடக்கத்தை நீக்கும்போது, எந்தத் தேதியிலிருந்து அனுப்ப வேண்டும் என்று கடைக்காரரே தேர்ந்தெடுக்கலாம்.

மறுமுயற்சி அட்டவணையை ஒரு தச்சுக்கடைதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது எங்கள் இடைவெளிகள் 5 விநாடி, 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி, 5 மணி, 10 மணி, 10 மணி. மொத்தம் இருபத்தேழரை மணி நேரம். அவர்களுடைய பாதுகாப்புச் சான்றிதழ் வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்குக் காலாவதியானது. அந்த மாலையின் செய்திகளுக்கு எங்கள் முயற்சி சனிக்கிழமை இரவே முடிந்துவிட்டது. பார்க்க வேண்டிய ஆள் வந்தது திங்கட்கிழமை காலை 10 மணிக்கு, அதாவது 63 மணி நேரம் கழித்து. சிறிய கடைகளில் சர்வர் எத்தனை மணி நேரம் விழுந்து கிடக்கும் என்பதைத் தீர்மானிப்பது தொழில்நுட்பம் இல்லை, வார விடுமுறை. கடைசி 10 மணியை எடுத்துவிட்டு 12 மணி இடைவெளியில் ஐந்து முயற்சிகள் சேர்த்தோம், மொத்தம் எழுபத்தேழரை மணி ஆனது. எங்களைப் போலவே பணம் வசூலித்துத் தரும் ஸ்டிரைப் நிறுவனம் மூன்று நாள் வரை முயல்வதன் காரணம் அப்போது எனக்கு விளங்கியது. எல்லாம் ஒரே நொடியில் போய் மோதாமல் இருக்க, ஒவ்வொரு இடைவெளியிலும் 0 முதல் 20 சதவீதம் வரை தற்செயலாகக் கூட்டினோம். கூட்டல் மட்டும்தான், கழித்தால் திங்கட்கிழமை காலைக்கு முன்பே முடிந்துவிடலாம்.

லாக் விஷயத்தில் முதலில் எங்களுக்கு அக்கறை இல்லை. வெற்றி அல்லது தோல்வி, அவ்வளவுதான் பதிந்தோம். ஒரு கடைக்காரர் ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பொருள் அனுப்பிவிட்டு எங்களிடம் கேட்டபோது, எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. பிறகு ஒவ்வொரு முயற்சிக்கும் தனி வரி வைத்தோம்: போன முகவரி, எந்தக் கட்டத்தில் நின்றது, எவ்வளவு நேரம், பதில் எண், பதிலின் முதல் 1 கேபி. இதில் "கட்டம்" என்பதுதான் என்னைப் பொறுத்தவரை மிக மதிப்புள்ளது. இணைப்பு கிடைப்பதற்கு முன் டைம்அவுட் ஆனால் அவர்களுக்குச் செய்தி போகவே இல்லை. இணைப்பு கிடைத்து, முழுதும் அனுப்பி, பதிலுக்காகக் காத்திருந்து டைம்அவுட் ஆனால், அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம், வேலையும் முடிந்திருக்கலாம். அந்தக் கடையில் அடுத்த முறை நடந்தபோது அப்படித்தான் தெரிந்தது. பில் தயாரித்து, மின்னஞ்சல் அனுப்பி, அதன் பிறகே பதில் தந்தார்கள், 13 விநாடி. நாங்கள் 10இல் வெட்டிவிட்டு மறுபடி அனுப்பினோம். அதற்கு மேல், ஒவ்வொரு முயற்சிக்கும் புது அடையாள எண் கொடுத்துக்கொண்டிருந்தோம், இது அதே செய்திதான் என்று அவர்கள் கண்டுபிடிக்க வழியே இல்லை. தவறு எங்களுடையது. செய்திக்கு ஒரு எண், எத்தனை முறை அனுப்பினாலும் மாறாது என்று திருத்தினோம். முயற்சியின் எண் லாகில் மட்டும் இருந்தது.

பதிலின் முதல் பகுதியைச் சேமித்ததும் பலித்தது. "உங்ககிட்டேருந்து எதுவும் வரல" என்று ஒருவர் எழுதினார். லாகில் வரிசையாக 200, அதாவது வெற்றி என்ற பதில் எண். உள்ளே பார்த்தால் "தளம் பராமரிப்பில் உள்ளது" என்று ஒரு எச்டிஎம்எல் பக்கம். அதைப் படமெடுத்து அனுப்பினேன், இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். பிறகு அந்த லாகைக் கடைக்காரர்களின் டாஷ்போர்டிலேயே திறந்துவிட்டோம், அந்தந்தக் கணக்குக்கு மட்டும், ஏனென்றால் பதிலில் அவர்கள் வாடிக்கையாளர்களின் விவரம் இருக்கலாம்.

நான் அங்கிருந்து கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு, அந்தத் தள்ளுபடி விற்பனைக் கடை மறுபடி விழுந்தது. இந்த முறை ஒரு சனிக்கிழமை முழுவதும். ஞாயிறு காலை லாகைப் பார்த்தேன். அதிகாலை 4:12க்கு முதல் 200, பிறகு இரண்டிரண்டாக, பிறகு ஐந்தைந்தாக. யாரும் கூப்பிடவில்லை.