முகூர்த்தத்துக்கு முந்தின இரவும் சிவந்த கண்ணும்

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது என் தொழில். நாலரை மணி முகூர்த்தம் என்றால் பெண் இரண்டு மணிக்கே நாற்காலியில் உட்கார வேண்டும். முந்தின நாள் நலங்கு, வரவேற்பு, அழுகை எல்லாம் முடிந்து, கண் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். அதற்காகவே பல வருஷம் என் பெட்டியில் ஒரு சொட்டு மருந்து வைத்திருந்தேன். கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டால் பத்து நிமிஷத்தில் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். ஒரே குப்பியைப் பல பெண்களுக்கு விட்டிருக்கிறேன். மெட்ராஸ் ஐ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக அது ஒன்றே போதும் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

அந்தக் குப்பியை நான் தூக்கிப் போட்டது திருவாரூர்ப் பெண் ஒருத்தியால். தை மாதக் கடைசியில் கல்யாணம். மார்கழி நடுவில் ட்ரயலுக்கு வந்தாள். வீட்டிலிருந்தே இரவு ஷிப்ட் வேலை. வந்ததும் கைப்பையிலிருந்து அதே மாதிரி ஒரு குப்பியை எடுத்து விட்டுக்கொண்டாள்.

"ஆவணியில ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்க்கா விட்டேன். இப்ப நாலு தடவை விட்டாலும் நிக்கலை. விடலைன்னா முன்னைவிட சிவப்பாயிடுது" என்றாள்.

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். நாபசோலின் என்று போட்டிருந்தது. கண் டாக்டரிடம் அவளோடு நானும் போனேன். அவர் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். வெள்ளை விழியின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்தால் கண் சிவக்கும். அந்தக் குழாய்களை இந்த மருந்து பிடித்துச் சுருக்குகிறது, அவ்வளவுதான். கண் ஏன் சிவந்தது என்பதை அது தொடவே இல்லை. சில மணி நேரத்தில் வேகம் இறங்கியதும் குழாய்கள் மறுபடி விரிகின்றன, பழகிப்போன கண்ணில் முன்னைவிட அதிகமாகவே. உடனே அடுத்த சொட்டு. அவள் கண் சிவந்ததற்குக் காரணம் தூக்கக் குறைவும், திரையைக் கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த வறட்சியும். பின்னால் சேர்ந்த சிவப்பு மருந்து கொண்டுவந்தது.

சொட்டை அடியோடு நிறுத்தச் சொன்னார். கண்ணீருக்கு மாற்றாக கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு, பதப்பொருள் கலக்காதது, ஒருமுறை உடைத்து விட்டுவிட்டுப் போடும் சின்னக் குப்பிகளில், தினம் நாலு வேளை. முதல் சில நாள் சிவப்பு கூடும் என்று முன்னாலேயே எச்சரித்தார். அப்படியே ஆனது. மூன்றாம் நாள் அழுதுகொண்டே போன் செய்தாள்: "அக்கா, ஒரே ஒரு சொட்டு விட்டுக்கவா?" வேண்டாம்மா என்றேன். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் பிழிந்து, மூடின கண்மேல் பத்து நிமிஷம் வைக்கச் சொன்னேன். பன்னீரோ விளக்கெண்ணெயோ கண்ணுக்குள் விடக் கூடாது என்றும் சொன்னேன். வீட்டில் அவள் பாட்டி அதற்குத் தயாராக இருந்தார்கள். மூன்றாவது வாரம் கண் தெளிந்து வந்தது.

கல்யாணத்தன்று மூக்கோரத்தில் இரண்டு மெல்லிய நரம்பு மட்டும் தெரிந்தது. மேக்கப் தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், கீழ் இமையை இழுத்து, மேலே பார்க்கச் சொல்லி, ஒரு சொட்டு கண்ணீர் மருந்து. கண்ணை மூடவைத்து, மூக்கோர முனையை டிஷ்யூவால் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மருந்து கண்ணிலேயே நிற்கும், மூக்குக்குள் இறங்காது. மீதி வேலை நிறத்தில் இருக்கிறது. கூரைப் புடவை அரக்கு என்பதற்காக இமையிலும் அரக்கோ ரோஸோ தீட்டினால், அந்தச் சிவப்பு விழியிலும் ஏறித் தெரியும். இளம் பழுப்பு பூசினேன். மேல் இமையோரம் கறுப்புக்குப் பதில் கருநீல லைனர். நீலத்தின் பக்கத்தில் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். கீழ் இமையின் உள்விளிம்பில் மை வைக்கவில்லை. அங்கே சுத்தவெள்ளை பென்சிலும் போட மாட்டேன், அது போட்டோவில் தனியாகத் துருத்தும். தோல் நிறத்துக்கு ஒரு படி வெளுப்பான பென்சிலை இமை மயிரை ஒட்டி லேசாக இழுத்தேன். ஹோமப் புகையிலிருந்து எழுந்து வந்ததும் இன்னொரு சொட்டு கண்ணீர் மருந்து விட்டேன்.

அன்றைக்கே மாப்பிள்ளையின் தங்கை, "எனக்கும் ஏதாவது விடுங்கக்கா" என்று வந்தாள். ஒரு கண் மட்டும் சிவந்திருந்தது. விளக்கைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கினாள். விசாரித்தால், முந்தா நாள் களத்தில் அறுப்பு மிஷின் பக்கம் நின்றபோது நெல் உமி தெறித்ததாம். வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் அது களைப்புச் சிவப்பு இல்லை. உமி கீறின கருவிழியில் பூஞ்சை பிடித்துப் புண்ணாகலாம். சிவப்பை மறைத்தால் நாள்தான் வீணாகும். மை கூட வைக்காமல், அவள் அண்ணியின் தாலி ஏறினதும் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்படி அவள் அப்பாவிடம் சொன்னேன்.